அச்சடித்த விண்ணப்பத்தை உங்கள் கடிதமாக்குவது எப்படி: நிறுவனத்தைப் பற்றிய ஒரே ஓர் உண்மைத் தகவல்

வேலைக்கு விண்ணப்பிக்கும் மின்னஞ்சல் ஒன்று கல்லூரி விடுதிகளிலிருந்தும் வாட்ஸ்அப் குழுக்களிலிருந்தும் கைமாறிக் கைமாறி வந்துகொண்டே இருக்கிறது. பெயரையும் பதவியையும் மாற்றிவிட்டு எல்லோரும் அதையே அனுப்புகிறார்கள். பெரும்பாலும் ஆங்கிலத்தில் போகும் அந்தக் கடிதத்தைத் தமிழில் வைத்தால் இப்படி இருக்கும்:

> மதிப்பிற்குரிய ஐயா/அம்மையீர்,
>
> தங்கள் புகழ்பெற்ற நிறுவனத்தில் தர ஆய்வாளர் பணிக்கு விண்ணப்பிக்க விரும்புகிறேன். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து, தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இரண்டு ஆண்டு அனுபவம் பெற்றிருக்கிறேன். கடின உழைப்பும் குழுவாக இணைந்து பணியாற்றும் திறனும் எனக்கு உண்டு. புதியவற்றை விரைவில் கற்றுக்கொள்வேன். தங்கள் நிறுவனத்தின் வளர்ச்சிக்குப் பங்களிக்க ஒரு வாய்ப்பு அளிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். சுயவிவரம் இணைத்துள்ளேன்.
>
> இப்படிக்கு,
> தங்கள் உண்மையுள்ள

இதில் பிழை எதுவும் இல்லை. ஆனால் இதை எழுதியவர் யார், எந்த நிறுவனத்துக்கு எழுதினார் என்று இதைப் படித்து யாராலும் சொல்ல முடியாது. அதைச் சரிசெய்ய முழுக் கடிதத்தையும் அலங்கரிக்கத் தேவையில்லை. அந்த நிறுவனத்தைப் பற்றிய ஓர் உண்மையான தகவலைக் கண்டுபிடித்து, அதைத் தன் வேலை அனுபவத்தோடு இணைத்து, மீதியை அதற்கேற்ப வெட்டினால் போதும். தகவல் ஒன்று போதும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். மூன்று நான்கு தகவல்களை அடுக்கினால் கடிதம் அந்த நிறுவனத்தைப் பற்றிய கட்டுரை போல ஆகிவிடும். படிப்பவருக்குத் தன் நிறுவனத்தைத் தெரியும்; தெரியாதது உங்களைத்தான்.

முறையைக் காட்ட ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். மேலே உள்ள கடிதத்தை வைத்திருப்பவர் ஓர் இளம்பெண். வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் இரண்டு ஆண்டுகளாக டீசல் இன்ஜெக்டர் நாசில்களை ஆய்வு செய்கிறார். மதுரையில் உள்ள ஆரோலேப் நிறுவனத்துக்குத் தர ஆய்வாளராக விண்ணப்பிக்க விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அரவிந்த் கண் மருத்துவமனைக் குடும்பத்தைச் சேர்ந்த, கண் மருத்துவப் பொருள்கள் தயாரிக்கும் நிறுவனம் அது. கண்புரை அறுவையில் கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸை எளியவர்களுக்கும் எட்டும் விலையில் தயாரிப்பதற்காக 1992இல் தொடங்கப்பட்டது.

முதலில், உங்கள் அன்றாட வேலையை எழுதுங்கள்

பெரும்பாலானோர் நிறுவனத்தின் இணையதளத்திலிருந்து தொடங்குகிறார்கள். அங்கே படித்ததில் எது பிடித்ததோ அதை எடுத்து ஒட்டுகிறார்கள். எதைத் தேடுகிறோம் என்று தெரியாமல் தேடினால் கண்ணில் முதலில் படுவதுதான் கையில் கிடைக்கும். அதுவே மற்ற எல்லா விண்ணப்பதாரர்களின் கண்ணிலும் முதலில் பட்டிருக்கும்.

அதனால் ஒரு தாளில் முதலில் உங்கள் வேலையை எழுதுங்கள். பதவிப் பெயரை எழுதாதீர்கள். கை என்ன செய்கிறது, கண் எதைப் பார்க்கிறது என்று எழுதுங்கள். நம் உதாரணப் பெண் இப்படி எழுதுவார்: நாசிலின் நுனியில் சுமார் 0.2 மில்லிமீட்டர் அளவில் துளைகள் இருக்கும். அவற்றின் விளிம்பில் பிசிறு இருக்கிறதா என்று நுண்ணோக்கியில் பார்க்கிறேன். பிசிறு இருந்தால் எரிபொருள் சரியாகப் பீய்ச்சாது. கழித்த பாகங்களைக் குறைபாட்டு வகை பிரித்துப் பதிவேட்டில் எழுதுகிறேன். ஒரே வகைக் குறைபாடு தொடர்ந்து வந்தால் இயந்திரத்தை நிறுத்தச் சொல்கிறேன்.

"தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இரண்டு ஆண்டு அனுபவம்" என்ற ஒற்றை வரிக்குள் இவ்வளவும் புதைந்து கிடந்தது. இப்போது தேடலுக்கு ஒரு திசை கிடைத்துவிட்டது. மிகச் சிறிய துளை, நுண்ணோக்கி, பிசிறு, கழித்ததன் பதிவு: இவற்றில் ஏதாவது ஒன்று அந்த நிறுவனத்திலும் இருக்கிறதா?

தகவலைத் தேடுவது

நிறுவனத்தின் முகப்புப் பக்கத்தையும் "எங்களைப் பற்றி" பக்கத்தையும் ஒருமுறை படித்துவிட்டு மூடிவிடுங்கள். அவை நிறுவனம் என்னவென்று நீங்கள் புரிந்துகொள்வதற்கு மட்டுமே. கடிதத்துக்கான தகவல் பெரும்பாலும் அதற்கு அடுத்த அடுக்கில் இருக்கும்: தயாரிப்புப் பட்டியல், தயாரிப்பின் விவரத் தாள், பழைய வேலை விளம்பரங்கள், பங்குச்சந்தையில் உள்ள நிறுவனமாக இருந்தால் ஆண்டறிக்கை. ஆண்டறிக்கைகள் பிஎஸ்இ, என்எஸ்இ தளங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றில் நிர்வாகத்தினர் தொழிலின் நிலையை விவரிக்கும் பகுதியைப் படித்தால், எந்த ஆலையை விரிவாக்குகிறார்கள், எந்தப் பிரிவில் சிரமம் என்பதெல்லாம் அவர்கள் வாயாலேயே தெரிந்துவிடும்.

ஒரு தளத்துக்குள் மட்டும் தேட, தேடுபொறியில் இப்படித் தட்டச்சு செய்யலாம்:

```
site:aurolab.com suture
site:aurolab.com filetype:pdf
```

முதல் வரி, அந்தத் தளத்தில் அறுவைத் தையல் நூலைப் பற்றிய பக்கங்களைக் காட்டும். இரண்டாவது, அங்கே ஏற்றப்பட்டிருக்கும் பிடிஎஃப் கோப்புகள் ஏதேனும் இருந்தால் காட்டும்.

நம் பெண்ணுக்கு இந்தத் தேடலில் என்ன கிடைக்கும்? அரவிந்த் மருத்துவமனையை டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் பதினோரு படுக்கைகளோடு தொடங்கிய வரலாறு கிடைக்கும். மனதை நெகிழவைக்கும் வரலாறு. ஆனால் அங்கே விண்ணப்பிக்கும் எல்லோரும் அதைத்தான் எழுதுவார்கள். குறைந்த விலை லென்ஸின் கதை கிடைக்கும். பல நாடுகளுக்கு ஏற்றுமதி ஆவது தெரியவரும். இவற்றோடு இன்னொன்றும் கிடைக்கும்: ஆரோலேப் லென்ஸ் மட்டும் செய்வதில்லை, கண் அறுவைக்கான ஊசி பொருத்திய தையல் நூலும் தயாரிக்கிறது.

அவர் நிற்க வேண்டிய இடம் இதுதான். கண் அறுவையில் பயன்படும் மிக மெல்லிய நூல்களின் விட்டம் 0.02 முதல் 0.03 மில்லிமீட்டர் வரைதான். தலைமுடியைவிட மெல்லிய அந்த நூல், ஊசியின் பின்முனையில் பொருத்தப்பட்டிருக்கும். அங்கே ஒரு பிசிறு இருந்தால் நூல் அறுந்துவிடலாம், திசுவைக் கிழித்துவிடலாம். இரண்டு ஆண்டுகளாக நுண்ணோக்கியில் பிசிறு பார்த்த கண்ணுக்கு இங்கே வேலை இருக்கிறது. லென்ஸைப் பற்றி ஆயிரம் பேர் எழுதலாம். ஊசி-நூலைப் பற்றி இந்தப் பெண் எழுதுவதை இன்னொருவர் எழுதுவது கடினம்.

சிறு நிறுவனங்களுக்கு இணையதளமே இருக்காது, அல்லது பத்தாண்டுக்கு முந்தைய தளம் இருக்கும். அப்போது பொருளையே தேடிப் போவதுதான் வழி. கோயம்புத்தூரில் பம்ப் தயாரிக்கும் ஒரு பட்டறைக்கு எழுதுகிறீர்கள் என்றால், ஹார்டுவேர் கடைக்குப் போய் அந்த பம்பின் பெயர்ப்பலகையைப் படியுங்கள். எத்தனை குதிரைத்திறன், ஒற்றை ஃபேஸா மூன்று ஃபேஸா, ஐஎஸ்ஐ முத்திரை உண்டா, நட்சத்திரக் குறியீடு உண்டா என்பதெல்லாம் அதில் இருக்கும். எந்தப் பாகம் அடிக்கடி கேட்டு வருகிறார்கள் என்று கடைக்காரரிடம் விசாரியுங்கள். அங்கே வேலை செய்யும் தெரிந்தவர் இருந்தால், எந்த இயந்திரத்தில் வேலை நடக்கிறது என்று கேட்கலாம். ஆனால் வெளியே சொல்லக்கூடாத உள்விஷயத்தைக் கடிதத்தில் எழுதினால் உங்களுக்கும் கெடுதல், அவருக்கும் கெடுதல்.

கிடைத்ததைச் சோதிப்பது

தகவலைக் கடிதத்தில் வைக்குமுன் இரண்டு சோதனைகள் செய்யுங்கள். ஒன்று, நிறுவனத்தின் பெயரை எடுத்துவிட்டு அதே துறையில் உள்ள இன்னொரு நிறுவனத்தின் பெயரை அந்த வாக்கியத்தில் போட்டுப் பாருங்கள். "தரத்துக்குப் பெயர்பெற்ற உங்கள் நிறுவனம்" என்பது எந்தப் பெயரோடும் பொருந்தும். அது தகவலே இல்லை. இரண்டு, அந்த வாக்கியத்துக்கு அடுத்து "அதனால் நான்" என்று தொடங்கி ஒரு வாக்கியம் எழுத முடிகிறதா என்று பாருங்கள். "நீங்கள் நூறு நாடுகளுக்கு ஏற்றுமதி செய்கிறீர்கள், அதனால் நான்..." என்று தொடங்கினால் நம் பெண்ணுக்கு மேலே ஓடாது. ஏற்றுமதி ஆவணங்களைக் கையாளும் ஒருவருக்கு அதே வாக்கியம் அழகாக ஓடும். தகவலின் மதிப்பு அது எவ்வளவு பெரியது என்பதில் இல்லை, விண்ணப்பிக்கும் பதவிக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதில் இருக்கிறது.

பிறகு அது உண்மைதானா, இன்னும் உண்மைதானா என்று உறுதி செய்யுங்கள். தகவல் நிறுவனத்தின் சொந்தப் பக்கத்திலோ சொந்த ஆவணத்திலோ இருக்க வேண்டும். மூன்றாண்டுக்கு முந்தைய நாளிதழ்ச் செய்தியில் "புதிய ஆலை தொடங்குகிறது" என்று இருந்தால், ஆலை தொடங்கியதா என்று பார்க்காமல் எழுதக்கூடாது. ஒரே பெயரில் இரு நிறுவனங்கள் இருக்கக்கூடும் என்பதையும் மறக்காதீர்கள். தாய் அமைப்பையும் அதன் கிளையையும் குழப்புவது இதைவிட அதிகமாக நடக்கும் தவறு. ஆரோலேப்புக்கு எழுதும் கடிதத்தில் "உங்கள் மருத்துவமனையில்" என்று ஒரு சொல் வந்துவிட்டால், மீதி எவ்வளவு நன்றாக இருந்தாலும் பயனில்லை. அது தயாரிப்பு நிறுவனம்.

சொந்த வாழ்க்கைத் தொடர்பைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். மதுரைப் பக்கம் பல குடும்பங்களில் பாட்டியோ தாத்தாவோ அரவிந்தில் கண்புரை அறுவை செய்துகொண்டிருப்பார்கள். "என் பாட்டிக்கு நீங்கள் பார்வை தந்தீர்கள்" என்று எழுதத் தோன்றும். உணர்வு உண்மையானதுதான், ஆனால் பாட்டியின் கண்ணில் இருப்பது யாருடைய லென்ஸ் என்று எழுதுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அறுவை முடிந்ததும் தரும் அட்டையிலோ கோப்பிலோ லென்ஸின் ஒட்டுச்சீட்டு இருக்கும். தயாரிப்பாளர் பெயரும் வரிசை எண்ணும் அதில் அச்சாகியிருக்கும். அதைப் பார்த்து உறுதி செய்திருந்தால், ஒவ்வொரு லென்ஸும் தனித்தனி எண்ணோடு போகிறது என்பதைக் கவனித்த ஆய்வாளராக நீங்கள் எழுதலாம். அப்போது அது வேலைக்குத் தொடர்புள்ள தகவலாகிவிடும். பார்க்காமல் எழுதுவதாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

வேறு சிலவற்றையும் தொடாமல் இருப்பது நல்லது: ஆட்குறைப்பு, வழக்கு, விபத்து போன்ற செய்திகள், மனிதவள அலுவலரின் குடும்பம் அல்லது பொழுதுபோக்கு பற்றிச் சமூக ஊடகத்தில் கிடைத்தவை. நிறுவனத்தைப் படித்தவரை மதிப்பார்கள். தன்னைப் பின்தொடர்ந்து பார்த்தவரைக் கண்டு யாரும் மகிழ மாட்டார்கள்.

பழைய கடிதத்தை வெட்டுவது

இப்போது அச்சடித்த கடிதத்தை எடுத்து, வரிவரியாக ஒரே கேள்வி கேளுங்கள்: இதை வேறு யாராவது அப்படியே எழுதியிருக்க முடியுமா? முடியுமென்றால் அடித்துவிடுங்கள். "புகழ்பெற்ற நிறுவனம்" போகிறது. "கடின உழைப்பு", "குழுவாக இணைந்து", "விரைவில் கற்றுக்கொள்வேன்" மூன்றும் போகின்றன. "வளர்ச்சிக்குப் பங்களிக்க" போகிறது. மிஞ்சுவது பதவிப் பெயர், படிப்பு, அனுபவ ஆண்டு, இணைப்பு. இவை இருக்கட்டும். கடிதம் இப்போது மெலிந்து தெரியும். பயந்துபோய் அடித்ததைத் திரும்பச் சேர்க்காதீர்கள்.

"ஐயா/அம்மையீர்" என்ற சாய்கோடும் போக வேண்டும், அது முதல் வரியிலேயே அச்சடித்த கடிதம் என்று காட்டிக்கொடுத்துவிடும். விளம்பரத்தில் பெயர் இருந்தால் திரு. அல்லது திருமதி சேர்த்து எழுதலாம். பெயரைப் பார்த்து ஆணா பெண்ணா என்று ஊகிக்க முடியாதபோது முழுப்பெயரை எழுதி "அவர்களுக்கு, வணக்கம்" என்றால் சரியாகிவிடும். பெயரே தெரியாவிட்டால் "மனிதவளப் பிரிவினருக்கு வணக்கம்" போதும்.

புதிய பத்தியை எழுதுவது

கடிதத்தின் தொடக்கத்துக்குத் தனிக் கவனம் தேவை. அஞ்சல் பெட்டியில் கடிதம் திறப்பதற்கு முன்பே பொருள் வரியும் உள்ளே உள்ள முதல் சில சொற்களும் தெரியும். அந்த இடத்தை "தங்கள் நிறுவனத்தில் காலியாக உள்ள" என்று நிரப்பினால் அது வீண். நம் உதாரணப் பெண்ணின் கடிதம் இப்படி மாறும்:

> பொருள்: தர ஆய்வாளர் பணி – நுண்ணோக்கி ஆய்வில் 2 ஆண்டு அனுபவம்
>
> மனிதவளப் பிரிவினருக்கு வணக்கம்.
>
> டீசல் இன்ஜெக்டர் நாசில்களின் துளை விளிம்பில் பிசிறு இருக்கிறதா என்று இரண்டு ஆண்டுகளாக நுண்ணோக்கியில் ஆய்வு செய்துவருகிறேன். நீங்கள் லென்ஸோடு ஊசி பொருத்திய தையல் நூலும் தயாரிப்பதை உங்கள் தயாரிப்புப் பட்டியலில் பார்த்தேன். ஊசி முனையிலும் நூல் பொருத்தும் இடத்திலும் உள்ள சிறு குறைகளைக் கண்டறிய, நான் செய்துவரும் ஆய்வு உதவும் என்று நினைக்கிறேன். அதனால் தர ஆய்வாளர் பணிக்கு விண்ணப்பிக்கிறேன்.
>
> கழித்த பாகங்களைக் குறைபாட்டு வகை பிரித்துப் பதிவு செய்வதும், ஒரே குறைபாடு தொடர்ந்தால் உற்பத்தியை நிறுத்தச் சொல்வதும் என் பொறுப்பில் உள்ளன. வாகனத் துறையின் ஐஏடிஎஃப் 16949 நடைமுறையில் பழகியிருக்கிறேன். மருத்துவக் கருவிகளுக்கான ஐஎஸ்ஓ 13485 எனக்குப் புதியது; படிக்கத் தொடங்கியிருக்கிறேன்.
>
> மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்திருக்கிறேன். சுயவிவரம் இணைத்துள்ளேன். நேர்காணலுக்கு மாலை வேளையிலும் சனிக்கிழமையிலும் வர இயலும்.
>
> நன்றி.

நிறுவனத்தைப் பற்றிய தகவல் இரண்டாவது வாக்கியத்தில் ஒரே முறை வருகிறது, அதைப் பற்றி ஒரு புகழ்ச்சொல்லும் இல்லை. "பார்த்தேன்" என்பதோடு எங்கே பார்த்தார் என்பதும் இருக்கிறது. உடனே அடுத்த வாக்கியம் அவருடைய வேலைக்குத் திரும்பிவிடுகிறது. "உதவும் என்று நினைக்கிறேன்" என்ற அடக்கமும் தேவையானது. அவர் அந்த உற்பத்திக் கூடத்துக்குள் போனதில்லை. "உங்கள் ஊசிகளில் உள்ள குறையை நான் தீர்ப்பேன்" என்று எழுதினால், குறை இருக்கிறது என்று இவருக்கு யார் சொன்னது என்றுதான் தோன்றும்.

ஐஎஸ்ஓ 13485 தெரியாது என்பதை மறைக்காமல் எழுதியது எனக்கு மிகவும் பிடிக்கும். தயாரிப்புத் துறை மாறுபவர் அந்தத் தரநிலையைக் கேள்விப்பட்டிருப்பதே அவர் தேடிப் படித்ததன் அடையாளம். ஆனால் "படிக்கத் தொடங்கியிருக்கிறேன்" என்பது உண்மையாக இருந்தால்தான் எழுத வேண்டும். கடிதத்தில் வைத்த ஒவ்வொரு தகவலும் நேர்காணலில் கேள்வியாகத் திரும்பி வரும். ஊசி-நூலைப் பற்றி இரண்டு நிமிடம் பேச முடியாவிட்டால் அதை எழுதவே வேண்டாம்.

அனுப்புவதற்கு முன்

பழைய கடிதத்தின் மேல் புதிய பத்தியை ஒட்டினால் எழுத்துரு, அளவு, நிறம் மாறிப்போகும். உங்கள் திரையில் தெரியாமல் போனாலும் அவர்கள் திரையில் ஒட்டுப்போட்டது தெரியும். கணினியில் `Ctrl+Shift+V` அழுத்தி ஒட்டினால் வெறும் எழுத்து மட்டும் வரும். ஜிமெயிலில் முழுக் கடிதத்தையும் தேர்ந்தெடுத்து `Ctrl+\` அழுத்தினால் எஞ்சிய வடிவமைப்பும் நீங்கிவிடும். பிறகு அதை உங்களுக்கே அனுப்பிக் கைபேசியில் ஒருமுறை திறந்து பாருங்கள்.

அடுத்த நிறுவனத்துக்கு எழுதும்போது அனுப்பிய கடிதத்தைத் திறந்து திருத்தாதீர்கள். முந்தைய நிறுவனத்தின் பெயர் உள்ளே தங்கிவிடுவது பெரும்பாலும் இப்படித்தான். உங்கள் அனுபவம், படிப்பு, முடிவு வரிகளை மட்டும் ஒரு கோப்பில் வையுங்கள். நிறுவனத்தைப் பற்றிய பத்தி அந்தக் கோப்பில் இருக்கவே கூடாது. ஒவ்வொரு முறையும் வெற்றிடத்திலிருந்து எழுதுங்கள். சுயவிவரக் கோப்பின் பெயரையும் பார்த்துக்கொள்ளுங்கள். `Resume_final_new2.pdf` என்று போவதைவிட உங்கள் பெயரும் பதவியும் உள்ள பெயர் நல்லது.

இந்த உழைப்பு எல்லா இடத்திலும் பலிக்காது. ஆயிரக்கணக்கில் புதியவர்களை எடுக்கும் நிறுவனங்களின் இணையப் படிவத்தில் மதிப்பெண்ணும் தேர்வும்தான் வடிகட்டும். அங்கே விளம்பரத்தில் உள்ள தகுதிச் சொற்கள் சுயவிவரத்தில் இருக்கின்றனவா என்று பார்ப்பதே முக்கியம், கடிதத்தில் நேரம் செலவிட வேண்டாம். ஒரு மனிதர் திறந்து படிக்கப்போகிறார் என்று நம்பக் காரணம் உள்ள இடங்களுக்கு, அதாவது நேரடி மின்னஞ்சல் முகவரி கொடுத்திருக்கும் நடுத்தர, சிறு நிறுவனங்களுக்கு இதைச் செய்யுங்கள்.

அனுப்பியதும் நிறுவனத்தின் பெயர், தேதி, பயன்படுத்திய தகவல், அது கிடைத்த பக்கம் ஆகிய நான்கையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். இரண்டு வாரம் கழித்துத் திடீரென்று தொலைபேசியில் அழைத்தால், எந்தக் கடிதத்தில் என்ன எழுதினோம் என்று தடுமாற வேண்டியதில்லை. பத்து நாள் வரை பதில் வராவிட்டால் புதிய கடிதம் எழுதாமல், முன்பு அனுப்பிய அதே கடிதத்தைத் திறந்து 'ரிப்ளை' அழுத்தி இரண்டு வரி எழுதுங்கள்: எந்தப் பணிக்கு எந்தத் தேதியில் விண்ணப்பித்தீர்கள், இன்னும் ஆர்வமாக இருக்கிறீர்கள் என்று. அதில் தகவலைத் திரும்பச் சொல்ல வேண்டாம்; கீழே முந்தைய கடிதம் இருக்கிறது, வேண்டுமென்றால் அவர்களே படித்துக்கொள்வார்கள்.